மிச்சத்தின் வரிசை

ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன். ஒரு நாணயத்தைத் தலை விழும் வரை சுண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் உங்களுக்கு 2 ரூபாய். இரண்டாவதில் விழுந்தால் நீங்கள் 2 ரூபாய் கொடுக்க வேண்டும். மூன்றாவதில் என்றால் உங்களுக்கு 2 ரூபாய் 67 பைசா. நான்காவதில் என்றால் நீங்கள் 4 ரூபாய் தர வேண்டும். விதி இதுதான்: n-ஆவது சுண்டலில் முதல் தலை விழுந்தால் தொகை 2^n / n. n ஒற்றைப்படை என்றால் வரவு, இரட்டைப்படை என்றால் செலவு.

தொடக்கத்தில் சில்லறை விளையாட்டு மாதிரிதான் தெரியும். பத்தாவது சுண்டல் வரை போனால் 102 ரூபாய் 40 பைசா கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இருபதாவது வரை போனால் 52,429 ரூபாய். முப்பதாவது வரை போனால் சுமார் 3 கோடியே 58 லட்சம். பயப்பட வேண்டாம், முப்பதாவதில்தான் முதல் தலை விழுவதற்கான வாய்ப்பு 107 கோடியில் ஒன்று.

இந்த ஆட்டத்தை 2004-இல் ஹாரிஸ் நோவர், ஆலன் ஹாயெக் என்ற இரு தத்துவவாதிகள் ‘மைண்ட்’ இதழில் முன்வைத்தார்கள். அவர்கள் டாலரில் எழுதினார்கள், நான் ரூபாயாக்கிக்கொண்டேன். ‘பசடீனா ஆட்டம்’ என்று பெயர். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது: இந்த ஆட்டத்தின் மதிப்பு என்ன? யாராவது ஆடக் கூப்பிட்டால் போவது புத்திசாலித்தனமா?

சூதாட்டப் பிரச்சினைதானே, இதில் அறம் எங்கே வருகிறது என்று தோன்றலாம். நல்லதும் கெட்டதும் கலந்து வரும் எதையும் நாம் எடைபோடுவது இந்த முறையில்தான். ஒவ்வொரு விளைவையும் அது நடப்பதற்கான வாய்ப்பால் பெருக்கு, எல்லாவற்றையும் கூட்டு, கூடினது நேர்மறை என்றால் செய், எதிர்மறை என்றால் விடு. பயன்வாதம் என்ற அறக்கோட்பாடும், அரசுகள் போடும் லாப நட்டக் கணக்கும் இந்தக் கூட்டலின் மேல் நிற்கின்றன. பசடீனா ஆட்டம் கை வைப்பது கூட்டல் என்ற அந்தச் செயலின் மேல்தான்.

*

முதலில் கூட்டிப் பார்த்துவிடுவோம். n-ஆவது சுண்டலில் முதல் தலை விழும் வாய்ப்பு 1/2^n. தொகை 2^n / n. இரண்டையும் பெருக்கினால் 2^n அடிபட்டுப்போய் மிஞ்சுவது 1/n. ஆக, ஆட்டத்தின் எதிர்பார்ப்பு மதிப்பு இது:

1 − 1/2 + 1/3 − 1/4 + 1/5 − …

கூட்டல், கழித்தல், கூட்டல், கழித்தல் என்று ஒன்றுவிட்டொன்று குறி மாறும் தொடர். கல்லூரியில் ‘ஆல்டர்னேட்டிங் சீரிஸ்’ என்று படித்திருப்பீர்கள். இதை ஒவ்வொரு உறுப்பாகக் கூட்டினால் ஊஞ்சல் போல ஆடும். 1-இல் தொடங்கி 0.5-க்கு இறங்கும். பிறகு 0.833-க்கு ஏறும். 0.583, 0.783, 0.617, 0.760, 0.635, 0.746, 0.646. ஏறும்போது முன்பு ஏறிய உயரத்துக்கு ஏறுவதில்லை. இறங்கும்போது முன்பு இறங்கிய ஆழத்துக்கு இறங்குவதில்லை. ஊஞ்சல் மெல்ல அடங்கி ஒரு புள்ளியில் நிற்கப்போகிறது என்பது கண்ணுக்கே தெரிகிறது. அந்தப் புள்ளி ln 2, அதாவது 0.6931… நம் கணக்கில் 69 பைசா.

முடிவில்லாத கூட்டலை யாரும் முடிவு வரை போட முடியாது. எங்கேயாவது நிறுத்தித்தான் ஆக வேண்டும். நிறுத்திய இடத்தில் எவ்வளவு தப்பாக இருக்கிறோம் என்பது தெரிந்தால் போதும். இந்த வகைத் தொடர்களில் அதற்கு அழகான விடை இருக்கிறது: நீங்கள் விட்டுவிட்ட முதல் உறுப்பைவிட உங்கள் பிழை பெரிதாக இருக்காது.

காரணம் அந்த ஊஞ்சலிலேயே இருக்கிறது. பத்து உறுப்புகளைக் கூட்டி 0.646-இல் நிற்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து வருவது +1/11. அதைக் கூட்டினால் இலக்கைத் தாண்டிப்போவோம். கூட்டாவிட்டால் இலக்குக்குக் கீழே நிற்போம். ஆகவே இலக்கு இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. நமக்கும் அதற்கும் இடையிலான தூரம் 1/11-ஐ, அதாவது 0.091-ஐ மீறாது. உண்மையான பிழை 0.0475, ஏறத்தாழ அதில் பாதி. எந்தப் பக்கம் பிழை என்பதும் தெரிகிறது: விட்டுவிட்ட முதல் உறுப்பு கூட்டல் என்றால் நாம் குறைவாகச் சொல்லியிருக்கிறோம், கழித்தல் என்றால் கூடுதலாக.

இதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. குறி ஒன்றுவிட்டொன்று மாற வேண்டும். உறுப்புகளின் அளவு குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்து குறைந்து சுழியை நெருங்க வேண்டும். மூன்றும் இருந்தால், அடுத்த ஒரே ஒரு உறுப்பைப் பார்த்து முடிவிலி வரையான மிச்சம் அனைத்துக்கும் உத்தரவாதம் தந்துவிடலாம். அறியாமையின் அளவை இவ்வளவு மலிவாக அறியும் வழி கணிதத்திலேயே அதிகம் இல்லை.

சரி, அப்போ ஆட்டத்தின் விலை 69 பைசா. கேள்வி முடிந்ததா?

*

நோவரும் ஹாயெக்கும் இங்கேதான் ஒரு குறும்பு செய்கிறார்கள். இந்த ஆட்டத்தின் விளைவுகளைச் சீட்டுகளில் எழுதி வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டுக்கு ஒரு விளைவு: ‘முதல் சுண்டலில் தலை, 2 ரூபாய் வரவு’, ‘நான்காவதில் தலை, 4 ரூபாய் செலவு’. சீட்டுக்கட்டு கீழே விழுந்து கலைந்துவிடுகிறது. பொறுக்கி வேறு வரிசையில் அடுக்குகிறோம். ஆட்டம் மாறவில்லை. நாணயம் மாறவில்லை. எந்தத் தொகையும், எந்த வாய்ப்பும் மாறவில்லை. கூட்டிப் பார்த்தால் அதே 69 பைசாதானே வர வேண்டும்?

ஒரு கூட்டலுக்கு இரண்டு கழித்தல் என்று அடுக்கிப் பார்ப்போம்.

1 − 1/2 − 1/4 + 1/3 − 1/6 − 1/8 + 1/5 − 1/10 − 1/12 + …

எந்தச் சீட்டும் விடுபடவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை. ஒற்றைப்படை எண்கள் கூட்டலில் வரிசையாக வருகின்றன, இரட்டைப்படை எண்கள் கழித்தலில் இரண்டிரண்டாக வருகின்றன. இப்போது ஒவ்வொரு கூட்டலையும் அதற்கு அடுத்த கழித்தலோடு சேருங்கள். 1 − 1/2 என்பது 1/2. 1/3 − 1/6 என்பது 1/6. 1/5 − 1/10 என்பது 1/10. மிஞ்சுவது:

1/2 − 1/4 + 1/6 − 1/8 + 1/10 − 1/12 + …

இது பழைய தொடரில் ஒவ்வொரு உறுப்பையும் சரிபாதி ஆக்கியது. ஆக மொத்தமும் பாதி: 34.7 பைசா.

நீங்கள் இதில் தப்பு தேடுவீர்கள். தேடுங்கள், கிடைக்காது. ஒரு கூட்டலுக்கு நான்கு கழித்தல் என்று அடுக்கினால் மொத்தம் சரியாகச் சுழி. ஐந்து கழித்தல் என்றால் மைனஸ் 11 பைசா, ஆட்டம் நட்டம். இரண்டு கூட்டலுக்கு ஒரு கழித்தல் என்றால் 1 ரூபாய் 4 பைசா. ரீமான் 1854-இல் எழுதி, அவர் இறந்தபின் அச்சான ஆய்வில் இதன் முழு வீச்சும் இருக்கிறது: இத்தகைய தொடரை நீங்கள் விரும்புகிற எந்த எண்ணுக்கும் கொண்டுபோய்விடலாம். வழியும் எளிது. நூறு வேண்டுமா? நூறைத் தாண்டும் வரை கூட்டல்களை மட்டும் எடு. தாண்டியதும் ஒரு கழித்தல், கீழே இறங்கினால் மறுபடி கூட்டல்கள். தாண்டுவதும் இறங்குவதும் உறுப்புகளோடு சேர்ந்து சின்னதாகிக்கொண்டே போய் நூறிலேயே அடங்கும்.

இந்த வித்தை பலிப்பதற்குக் காரணம் ஒன்றுதான். கூட்டல்களை மட்டும் தனியாக எடுத்தால் 1 + 1/3 + 1/5 + … எல்லையில்லாமல் வளரும். கழித்தல்களை மட்டும் எடுத்தாலும் அப்படியே. மெதுவாகத்தான் வளரும், ஆனால் எந்த உயரத்தையும் தாண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் தீராத கிடங்கு. 69 பைசா என்பது முடிவிலியிலிருந்து முடிவிலியைக் கழித்தபோது, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் கழித்ததால், வந்த விடை. வேகத்தை மாற்றினால் விடை மாறுகிறது.

இப்படி, வரிசையை நம்பி ஒரு புள்ளியில் அடங்கும் தொடரை நிபந்தனையோடு ஒருங்கும் தொடர் என்கிறார்கள். இன்னொரு வகை உண்டு. தொகையை 2^n / n² என்று மாற்றிவிடுங்கள். எதிர்பார்ப்பு மதிப்பு 1 − 1/4 + 1/9 − 1/16 + … என்றாகும். இதுவும் ஊஞ்சலாடி 0.822-இல் அடங்கும். ஆனால் இங்கே கழித்தல் குறிகளையெல்லாம் அழித்துவிட்டுக் கூட்டினாலும் மொத்தம் முடிவுள்ளதாகவே இருக்கும்: 1.645. இரு பக்கக் கிடங்குகளும் தீர்ந்துபோகிறவை. சீட்டுகளை எப்படிக் கலைத்தாலும் விடை 82 பைசாதான். இது அறுதியாக ஒருங்கும் தொடர், கல்லூரி மொழியில் ‘அப்சல்யூட் கன்வர்ஜென்ஸ்’. மூளையில் ஒட்டவைக்க எளிய சோதனை: குறிகளை அழித்துவிட்டுக் கூட்டிப் பார். அப்போதும் முடிவுள்ள எண் வந்தால் வரிசை பற்றிக் கவலை இல்லை.

*

இப்போது, சற்று முன் மலிவு என்று சொன்ன அந்த உத்தரவாதத்துக்குத் திரும்ப வேண்டும். அது எதற்கான உத்தரவாதம்?

பசடீனா தொடரில் முதல் 1000 உறுப்புகளைக் கூட்டியாயிற்று. அடுத்த உறுப்பு 1/1001. ஆகவே பிழை 0.001-க்கும் குறைவு. கேட்பதற்கு, மிச்சமிருப்பது அற்பம் என்பதுபோல ஒலிக்கிறது. அப்படி இல்லை. அந்த ஆயிரத்துக்கு அப்பால் இருக்கும் கூட்டல்கள் மட்டுமே எல்லையற்றவை, கழித்தல்கள் மட்டுமே எல்லையற்றவை. மிச்சம் பிரம்மாண்டமானது. அது நம்மைத் தொந்தரவு செய்யாததற்குக் காரணம், அதன் இரு பாதிகளும் ஒழுங்காக ஒன்றுக்கொன்று எதிரே நின்று ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பது. இரண்டு யானைகள் கயிறு இழுக்கும்போது நடுவில் கட்டிய துணி ஒரு விரல் அளவு மட்டும் அசைகிறது. அசைவைப் பார்த்து யானைகளின் எடையைச் சொல்ல முடியாது.

வரிசையைக் கொஞ்சம் மாற்றினாலே உத்தரவாதம் காலாவதியாகிவிடும் என்பதற்கு ஒரு சின்னச் சாட்சி. இரண்டு கூட்டலுக்கு ஒரு கழித்தல் என்ற அடுக்கில் முதல் மூன்று உறுப்புகள் 1 + 1/3 − 1/2, அதாவது 0.8333. அடுத்த உறுப்பு 1/5, அதாவது 0.2. ஆனால் இந்த அடுக்கின் மொத்தம் 1.0397. பிழை 0.2064. விட்டுவிட்ட முதல் உறுப்பைவிடப் பெரிது. குறி ஒன்றுவிட்டொன்று மாற வேண்டும் என்ற நிபந்தனை போனது, உத்தரவாதமும் போனது.

2^n / n² ஆட்டத்தில் நிலைமை வேறு. பதினான்கு உறுப்புகளோடு நிறுத்தினால் அடுத்த உறுப்பு 1/225, பிழை 0.0045-ஐ மீறாது. இது வரிசையை நம்பிய உத்தரவாதம். அதற்குப் பின்னால் இன்னொரு உத்தரவாதமும் இருக்கிறது. பதினான்குக்கு அப்பால் இருக்கும் எல்லா உறுப்புகளின் அளவையும், குறியைப் பாராமல் கூட்டினாலும் 1/14-க்குக் குறைவு, அதாவது 0.072-க்குள். யார் எப்படிக் கலைத்தாலும், எதிரி ஒருவன் வேண்டுமென்றே மோசமாக அடுக்கினாலும், நாம் அதற்கு மேல் தப்பாக இருக்க முடியாது. முதல் எண் சின்னது, ஆனால் ஒழுங்கை நம்புகிறது. இரண்டாவது எண் பெரியது, ஆனால் யாரையும் நம்பவில்லை. பசடீனா ஆட்டத்தில் முதல் வகை எண் உண்டு. இரண்டாவது வகை எண் முடிவிலி.

ஒரு மதிப்பீட்டைக் கேட்கும்போதெல்லாம் நான் இப்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறேன். ‘பிழை இவ்வளவுதான்’ என்று ஒருவர் சொன்னால், மிச்சம் சின்னது என்கிறாரா, அல்லது மிச்சம் சமமாக அடித்துக்கொள்ளும் என்கிறாரா? இரண்டாவது என்றால், அது அடித்துக்கொள்ளும் ஒழுங்கை யார் காக்கிறார்கள்?

*

இதை ஒரு நண்பனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். “மச்சி, முடிவிலியெல்லாம் பேப்பர்லதான். நெசத்துல எவன்கிட்டயும் எல்லையில்லாத பணம் கிடையாது. எங்கேயாவது வெட்டித்தான் ஆகணும். வெட்டிட்டா அப்புறம் எந்த வரிசையில கூட்டினாலும் ஒண்ணுதான். உன் பிரச்சினை அங்கேயே செத்துப்போச்சு.”

பாதி சரி. முடிவுள்ள எண்ணிக்கையில் உறுப்புகள் இருந்தால் வரிசை பற்றிய பிரச்சினையே எழாது. சுண்டல்களை முப்பதோடு நிறுத்துவோம், அதற்குள் தலை விழாவிட்டால் ஆட்டம் ரத்து என்று வைத்தால் மதிப்பு 68 பைசா. இருபத்தொன்பதோடு நிறுத்தினால் 71 பைசா. இரண்டும் 69-ஐச் சுற்றித்தான். ஆனால் இங்கே நாம் சுண்டல்களின் எண்ணிக்கையால் வெட்டினோம். வரவையும் செலவையும் ஒரே இடத்தில் வெட்டினோம். பணம் தீர்வதால் வெட்டு விழுந்தால், அது அப்படி விழாது. இரண்டு பேரின் பைகளும் ஒரே ஆழம் இல்லையே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான் ஒரு லட்சம் ரூபாய் வரை கொடுக்க முடிந்தவன். எதிரே ஆட்டம் நடத்துகிறவர் நூறு கோடி வரை கொடுக்க முடிந்தவர். யாராலும் கொடுக்க முடியாத தொகை வந்தால் அந்த ஆட்டம் ரத்து என்று விதி. இருபதாவது சுண்டலின் 52,429 ரூபாயை நான் கொடுத்துவிடுவேன். இருபத்திரண்டாவதின் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரத்தை என்னால் கொடுக்க முடியாது. என் பக்கச் செலவுகள் 1/20-ஓடு நிற்கின்றன. அவரோ முப்பத்தைந்தாவது சுண்டல் வரை கொடுப்பார், அதன் தொகை சுமார் 98 கோடி. அவர் பக்க வரவுகள் 1/35 வரை ஓடுகின்றன. இருபது உறுப்புகள் வரை ஊஞ்சலாடி 0.669-இல் நிற்கும் கூட்டல், அதன் பிறகு 1/21 + 1/23 + … + 1/35 என்று ஏறிக்கொண்டே போகிறது. மொத்தம் 96 பைசா.

இப்போது பைகளை மாற்றுங்கள். ஆட்டம் நடத்துகிறவரிடம் ஒரு லட்சம், என்னிடம் நூறு கோடி. அவர் இருபத்தொன்றாவது சுண்டலின் 99,864 ரூபாய் வரை கொடுப்பார். நான் முப்பத்து நான்காவதின் ஐம்பது கோடியையும் கொடுத்தாக வேண்டும். மொத்தம் 46 பைசா.

அதே நாணயம், அதே விதி, அதே தொகைகள். ஒரு பக்கம் 96, மறுபக்கம் 46. மாறியது ஒன்றுதான்: யாரால் எவ்வளவு தூரத்தில் கையை விரிக்க முடியும் என்பது. இந்த ஐம்பது பைசா வித்தியாசம் முழுவதும் இருபதாவது சுண்டலைத் தாண்டிய நிகழ்வுகளிலிருந்து வருகிறது, அவை நடக்கும் வாய்ப்பு சுமார் பத்து லட்சத்தில் ஒன்று. ஆயிரம் முறை ஆடிப் பார்த்தாலும் அந்த இடத்தை ஒருமுறை கூடத் தொட மாட்டோம். பைகளின் ஆழத்துக்கு இடையிலான விகிதம் கூடக் கூட வித்தியாசமும் கூடும், மெதுவாக, ஆனால் உச்சவரம்பு இல்லாமல். 2^n / n² ஆட்டத்தில் இதே விளையாட்டைக் காட்டினால் இருபதுக்கு அப்பால் உள்ள அத்தனையும் சேர்ந்து ஐந்து பைசாவைக்கூட அசைக்க முடியாது.

ஆகவே நண்பனுக்கு என் பதில் இது: வெட்டினால் வரிசை போய்விடும், ஆனால் வெட்டும் இடத்தைத் தீர்மானிப்பது ஒருவிதத்தில் வரிசையைத் தீர்மானிப்பதுதான். கம்பெனிப் பெயர்களின் பின்னால் வரும் ‘லிமிடெட்’ என்ற சொல்லை நாம் கவனிப்பதே இல்லை. அந்தச் சொல்லின் பொருள், பங்குதாரரின் நட்டத் தொடர் போட்ட முதலோடு வெட்டப்படும் என்பது. லாபத் தொடருக்கு அப்படி ஒரு வெட்டு இல்லை. தனி ஆள் வட்டிக்கு வாங்கும்போது அவர் பக்கத்தில் அந்தச் சொல் கிடையாது. இரண்டு பேரும் ‘சராசரியாக’ ஒரே ஆபத்தைத்தான் எடுக்கிறார்கள் என்று யாராவது எழுதினால், தொடரை யார் எங்கே வெட்டினார்கள் என்று கேட்கலாம்.

*

தத்துவவாதிகள் என்ன சொன்னார்கள்? கென்னி ஈஸ்வரன் 2008-இல் ஒரு தற்காப்பு எழுதினார். ஆட்டத்தைப் பலமுறை ஆடி, சராசரியை எடுத்தால், ஆட்டங்களின் எண்ணிக்கை கூடக் கூட அந்தச் சராசரி 69 பைசாவுக்கு அருகில் இருக்கும் வாய்ப்பு ஒன்றை நெருங்குகிறது. அந்த வகையில் 69-க்கு ஒரு தனி மரியாதை உண்டு, அது வெறும் அடுக்கின் விளைவு இல்லை. அதே சமயம், சராசரி அங்கேயே நிலைத்துவிடும் என்று உறுதி தர முடியாது. ஆடிக்கொண்டே இருந்தால் எவ்வளவு பெரிய விலகலும் என்றாவது மறுபடி வந்தே தீரும். அடங்கிவிட்டது என்று நாம் எழுந்துபோகும் நேரத்தில் ஊஞ்சல் ஓர் ஆட்டம் போடும்.

எனக்குப் பிடித்த பதில் வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. நோவரும் ஹாயெக்கும் அதே கட்டுரையில் ‘ஆல்டடீனா’ என்ற இன்னோர் ஆட்டத்தையும் சொல்கிறார்கள். பசடீனா மாதிரியேதான், ஆனால் ஒவ்வொரு விளைவிலும் உங்களுக்கு ஒரு ரூபாய் கூடுதல். வரவானால் ஒரு ரூபாய் அதிகம், செலவானால் ஒரு ரூபாய் குறைவு. இரண்டில் எது மேல்? குழந்தைகூடச் சொல்லும், ஆல்டடீனா. ஆனால் எதிர்பார்ப்பு மதிப்புக் கோட்பாடு வாயடைத்து நிற்கிறது. இதற்கும் அதற்கும் தனித்தனியே மதிப்பு இல்லை என்றால் எதை எதோடு ஒப்பிடுவது?

மார்க் கோலிவன் அதே 2008-இல் வழி சொன்னார். இரண்டு மொத்தங்களைக் கண்டுபிடித்துக் கழிக்காதே, ஒவ்வொரு விளைவிலும் முதலில் கழி, வித்தியாசங்களைக் கூட்டு. ஒவ்வொரு விளைவிலும் வித்தியாசம் ஒரு ரூபாய். வாய்ப்புகளால் பெருக்கிக் கூட்டினால் 1/2 + 1/4 + 1/8 + … = 1. இது அறுதியாக ஒருங்குகிறது. பத்து சுண்டல்களோடு நிறுத்தினால் மிச்சம் 1/1024, யார் எப்படிக் கலைத்தாலும் அவ்வளவுதான். மொத்தம் என்று ஒன்று இல்லாத இரண்டு பொருள்களுக்கு நடுவிலான தூரத்துக்கு இரும்பு மாதிரி ஒரு விடை கிடைத்துவிட்டது.

இங்கேதான் இது அறக்கேள்வி ஆகிறது. வருங்காலத்துக்கு முடிவில்லை என்று வைத்துக்கொண்டால், அதில் பிறக்கப்போகிறவர்களின் இன்பதுன்பங்களைக் கூட்டி ‘உலகம் மொத்தத்தில் நல்லதா’ என்று கேட்பது பசடீனாவின் விலையைக் கேட்பது போன்றது. இன்பம் மட்டும் எடுத்தால் எல்லையற்றது, துன்பம் மட்டும் எடுத்தாலும் எல்லையற்றது. காலவரிசையில் கூட்டுவதா, இடவரிசையில் கூட்டுவதா? மனிதர்கள் சீட்டுகள் போல, அவர்களுக்கு இயல்பான வரிசை என்று எதுவும் எழுதி ஒட்டப்படவில்லை. நம்பிக்கைவாதி ஓர் அடுக்கில் 1 ரூபாய் 4 பைசா காட்டுவார். அவநம்பிக்கைவாதி அதே சீட்டுகளில் மைனஸ் 11 காட்டுவார். இருவரும் பொய் சொல்லவில்லை. அதனால்தான் அந்த விவாதம் தீர்வதே இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

ஆனால் ‘இந்தக் குளத்தைத் தூர்ப்பதா வேண்டாமா’ என்ற கேள்வி வேறு வகை. இரண்டு எதிர்காலங்களையும் ஆள் ஆளாக, ஆண்டு ஆண்டாகப் பக்கத்தில் வைத்துக் கழித்தால், பெரும்பாலான இடங்களில் வித்தியாசம் சுழி. வித்தியாசம் உள்ள இடங்களிலும் அது வேகமாகத் தேய்ந்தால், மொத்தம் அறுதியாக ஒருங்கும். அப்போது எங்கே நிறுத்தினாலும் பிழைக்கு யாரையும் நம்பாத வரம்பு உண்டு. பிரபஞ்சத்தின் கூட்டுத்தொகை தெரியாமலே குளத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம்.

இந்த வழிக்கும் எல்லை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பசடீனாவை ஆடுவதா, ஆடாமல் வீட்டுக்குப் போவதா? ஆடாததன் மதிப்பு எல்லா விளைவிலும் சுழி. வித்தியாசத்தை எடுத்தால் கிடைப்பது மறுபடியும் பசடீனாவேதான். கோலிவனின் கத்தி அங்கே வெட்டாது. எல்லா ஒப்பீடும் அறுதியாக ஒருங்கும் என்று விதி இல்லை. ஒரு செயலின் விளைவுகள் தேயாமல் தலைமுறை தலைமுறையாக நல்லதும் கெட்டதுமாகக் கிளைத்துக்கொண்டே போனால், அதன் கணக்கும் வரிசையை நம்பித்தான் நிற்கும்.

கடைசியில் நண்பன் கேட்டான், “சரி, நீ ஆடுவியா, மாட்டியா? நேரா சொல்லு.”

“உன் பை எவ்வளவு ஆழம்னு முதல்ல சொல்லு,” என்றேன்.